அம்பயரை அவுட் ஆக்கிய ஹைலைட்ஸ்

நம் சங்கத்தின் பொங்கல் கிரிக்கெட் டூர்னமெண்டுக்குப் பல வருஷங்களாக அம்பயராக நின்றவர், வரும் ஜனவரியில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கரக்பூரில் நம்மவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். (இப்போது கார்டு என்று சொல்லக் கூடாதாம், டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு அவர் என்றைக்கும் கார்டு சார்தான்.) முழங்கால் வலி என்று காரணம் சொன்னார். முழங்கால் வலி அவருக்குப் பத்து வருஷமாக இருக்கிறது. உண்மையான காரணம் ஏழு வினாடி ஓடும் ஒரு வீடியோ.

சென்ற முறை ஃபைனல் முடிந்த இரவே நம் பிள்ளைகள் ஹைலைட்ஸ் தயாரித்து எல்லோருடைய ஃபோனுக்கும் அனுப்பினார்கள். டைட்டில், பின்னணி இசை, மூலையில் ஸ்கோர் பலகை, சிக்ஸர்களுக்கு ஸ்லோமோஷன், ஒரு பையனின் தமிழ் வர்ணனை. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதில் பத்தொன்பதாவது ஓவர் ரன் அவுட்டை மெதுவாக ஓட்டிக் காட்டியிருந்தார்கள். பேட் கோட்டைத் தாண்டிவிட்டது, பெயில்ஸ் இன்னும் ஸ்டம்பின் மேலேயே இருக்கிறது. அங்கேயே படத்தை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, கீழே ஒரு கேள்விக்குறி. வர்ணனைப் பையன், "அம்பயர் கண்ணாடியை வீட்டில் விட்டுட்டு வந்துட்டார் போலிருக்கு" என்றான். நார்த் சைட் அணி மூன்று ரன்னில் தோற்றிருந்தது. பிறகு சொல்ல வேண்டுமா? இரண்டு நாளைக்கு வாட்ஸ்அப்பில் அவரைப் பற்றி வந்தவற்றை இங்கே எழுத முடியாது. அவருடைய பேத்தி பள்ளிக்கூடத்திலும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். "பாவம், வயசாகிவிட்டது" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, ஹைலைட்ஸ் தயாரித்த எதிர் வீட்டுப் பையன் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தபோது, "அந்த ரன் அவுட்டின் அசல் படம் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. இருவரும் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். அன்று எனக்குத் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த டூர்னமெண்டின் ஹைலைட்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்வது முழுக்க அதிலிருந்து வந்தது.

வீடியோ என்பது ஓடும் படம் அல்ல. வேகமாகப் புரட்டப்படும் நின்ற படங்கள். சாதாரணமாக நம் ஃபோன் வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வினாடியில் முப்பதில் ஒரு பங்கு இடைவெளி. அது என்ன பெரிய இடைவெளி என்று தோன்றும். ரன் எடுக்க உயிரை விட்டு ஓடுகிற ஒரு இளைஞன் வினாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் அவனும் அவன் பேட்டும் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஏறக்குறைய ஒரு சாண். அந்த ஒரு சாணில் என்ன நடந்தது என்பதற்கு ஃபோனிடம் எந்தப் பதிவும் கிடையாது.

அசல் வீடியோவில் நாங்கள் கண்டது இதுதான். ஒரு படத்தில் பெயில்ஸ் மேலே இருக்கிறது, பேட் கோட்டுக்கு ஒரு முக்கால் சாண் பின்னால் இருக்கிறது. அடுத்த படத்தில் பெயில்ஸ் காற்றில் இருக்கிறது, பேட் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவே பேட் கோட்டைக் கடந்ததும் பெயில்ஸ் கிளம்பியதும் இரண்டுமே நடந்திருக்கின்றன. எது முந்தியது என்று அந்த வீடியோவைப் படைத்தவனாலும் சொல்ல முடியாது.

அப்படியானால் பேட் கோட்டைத் தாண்டிய பின்னும் பெயில்ஸ் மேலே இருந்ததாக ஹைலைட்ஸில் நாம் எல்லோரும் பார்த்த அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

அந்தப் படத்தை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் வரைந்தது. பையன் அந்தத் துண்டை நான்கு மடங்கு மெதுவாக ஓட்டியிருக்கிறான். 30 படம் எடுத்த ஒரு வினாடியை நான்கு வினாடியாக நீட்டினால் 120 படம் வேண்டும். கையில் இருப்பது 30. மீதி 90 படத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு படத்தையும் நான்கு தடவை காட்டுவது. அப்போது படம் குதித்துக் குதித்து நகரும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பொய் இருக்காது. இன்னொன்று, எடிட்டிங் சாஃப்ட்வேரில் Optical Flow என்று இருக்கும் ஒரு வசதி. அது இரண்டு அசல் படங்களை ஒப்பிட்டு, எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று ஊகித்து, நடுவில் இருந்திருக்கக் கூடிய படங்களைத் தானே வரைந்து செருகும். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். பையன் அதைத்தான் போட்டிருந்தான். "நல்லா ஸ்மூத்தா வந்துது மாமா, அதான் போட்டேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அந்த வசதி என்ன செய்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கொஞ்சம் யோசித்தால் ரன் அவுட்டுக்கு மட்டும் அது ஏன் ஆகவே ஆகாது என்பது விளங்கும். பேட் பெரிய பொருள், நேர்கோட்டில் சீராக நகர்கிறது. அதன் பாதையை சாஃப்ட்வேர் எளிதாக ஊகித்துவிடுகிறது. பெயில்ஸ் சிறிய பொருள். ஒரு படத்தில் ஸ்டம்பின் தலையில், மறு படத்தில் ஒன்று மேலே, இன்னொன்று பக்கத்தில், அதுவும் மங்கலாக. அதன் பாதை பிடிபடுவதில்லை. பிடிபடாததை சாஃப்ட்வேர் முந்தைய படத்தில் இருந்த இடத்திலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஆக பேட் ஓடி வந்துகொண்டே இருக்கும், பெயில்ஸ் தயங்கி நிற்கும். எங்கள் துண்டில் நடந்தது அப்படியே. அம்பயருக்கு எதிராக சாட்சி சொன்னது அந்தத் தயக்கம்தான்.

இப்படிச் செருகிய படத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். அசலில் வந்த படம் நிலையாக இருக்கும். செருகிய படங்களில் பேட்டின் விளிம்பு மெழுகு போல் உருகும், ஓடுகிறவனின் கால் தரையோடு ஒட்டி இழுபடும், பேட் அருகில் வரும்போது ஸ்டம்ப் லேசாக வளையும். மரத்தால் ஆன ஸ்டம்ப் வளைந்தால் அது கேமரா பார்த்த ஸ்டம்ப் அல்ல. எங்கள் துண்டில் நடு ஸ்டம்ப் வளைந்திருந்தது. சிவப்பு வட்டத்துக்குள்ளேயே வளைந்திருந்தது. நூற்றுக்கணக்கான பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. அது எனக்கு என் வேலையிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, பெர்மனென்ட் வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் குனிந்து, கண்ணை அந்தத் தண்டவாளத்தின் வரிசைக்கே கொண்டுவர வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு அங்குலம் கோணியிருப்பதும் தெரியாது. கிரீஸ் கோடும் அப்படித்தான். கோட்டை நீட்டிப் போட்டால் எங்கே போகுமோ அங்கே கேமரா இருக்க வேண்டும். நம் ஃபோன் இருந்ததோ லாங் ஆன் பக்கம், சாமியானாவுக்குக் கீழே, நிழலுக்காக. அங்கிருந்து பார்த்தால் தரையிலிருந்து நாலு விரல் தூக்கிப் பிடித்த பேட்டும் கோட்டைத் தொட்டுவிட்ட மாதிரிதான் தெரியும். விதிப்படி பேட்டோ உடம்போ கோட்டுக்கு உள்ளே தரையில் பட்டிருக்க வேண்டும். கோட்டின் மேலேயே இருந்தால் அதுவும் அவுட்டுதான். கார்டு சார் நின்றது ஸ்கொயர் லெக்கில், கோட்டுக்கு நேராக. இருபத்தைந்து கஜ தூரத்தில், சரியான இடத்தில், இரண்டு கண்ணோடு நின்றவரின் தீர்ப்பை, தப்பான இடத்தில் இருந்த ஒற்றைக் கண்ணை வைத்து நாம் திருத்தினோம்.

டி.வி.யில் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். செய்கிறார்கள்தான். 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில், டி.வி. ரீப்ளே பார்த்து அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் நம் டெண்டுல்கர். அதுவும் ரன் அவுட்டுதான். ஆனால் அங்கே கேமராக்களைக் கோட்டுக்கு நேராக அதற்கென்றே வைக்கிறார்கள், பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு அம்பயர் உட்கார்ந்திருக்கிறார், தீர்ப்பும் ஆட்டம் நடக்கும்போதே வருகிறது. நாம் செய்தது ஆட்டம் முடிந்து, கோப்பை கொடுத்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு.

ஸ்லோமோஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று எடுத்தால்தான் அது ஸ்லோமோஷன் என்கிறேன். இன்றைக்குப் பல ஃபோன்களில் வினாடிக்கு 120 அல்லது 240 படம் எடுக்கும் வசதி இருக்கிறது. 120-ல் எடுத்து 30-ல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாக ஓடும், ஒவ்வொரு படமும் கேமரா கண்ணால் பார்த்த படமாக இருக்கும். நம் ஓட்டக்காரனின் பேட் இரண்டு படங்களுக்கு நடுவே 20-க்குப் பதில் 5 சென்டிமீட்டர்தான் நகரும். 240-ல் இரண்டரை. அப்போதும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் நடந்ததைச் சொல்ல முடியாது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இதற்கு விலை வெளிச்சம். வினாடிக்கு 240 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் வினாடியில் 240-ல் ஒரு பங்கு. மத்தியான வெயிலில் பிரச்னையே இல்லை. நம் ஊரில் ஜனவரி நடுவில் ஐந்து மணிக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் சூரியன் போய்விடுகிறது, அதற்கு முன்பே பனிப்புகை இறங்கிவிடுகிறது. ஃபைனலின் கடைசி ஓவர்கள் எப்போதும் அந்த நேரத்தில்தான் வருகின்றன, பரிசளிக்க வருகிறவர் வரத் தாமதமாகிறது என்பதால். வெளிச்சம் குறைந்தால் சாதாரண முறையில் எடுக்கும் ஃபோன் ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் திறந்து வைத்து எடுக்கும், நகர்வதெல்லாம் தீற்றலாகிவிடும். நம் ரன் அவுட் படத்தில் பேட் இருந்த லட்சணம் அதுதான். பேட்டின் முனை எங்கே முடிகிறது என்றே தெரியாத ஒரு வெள்ளைத் தீற்றல். ஆகவே என் முதல் கோரிக்கை எடிட்டிங் செய்பவர்களுக்கு அல்ல, கமிட்டிக்கு: ஃபைனலைப் பன்னிரண்டரை மணிக்கே ஆரம்பியுங்கள்.

ஃப்ளட்லைட் போட்டு ராத்திரி ஆடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆடட்டும். ஆனால் நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, சாதாரண விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு 240-ல் எடுத்தால் படம் முழுக்கத் தீபாவளி மாதிரி மின்னும். முதலில் பத்து வினாடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். அன்றைக்கு இன்னொரு சச்சரவும் எழுந்தது, அது ரன் அவுட் கூச்சலில் அமுங்கிவிட்டது. எட்டாவது ஓவரில் கீப்பர் பிடித்த கேட்ச் ஒன்றை அம்பயர் அவுட் கொடுத்தார். ஹைலைட்ஸில் பார்த்தால் பந்து பேட்டைத் தாண்டிப் போகிறது, சத்தமே இல்லை. பந்து கீப்பர் கைக்குப் போகும்போது டக் என்று ஒரு சத்தம். "பேட்டில் படவில்லை, கையுறைச் சத்தம்தான்" என்று தீர்ப்பு எழுதினார்கள். ரயில்வேக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தூரத்தில் கேங்மேன் சாவியில் சுத்தியலை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியல் மேலே போன பிறகுதான் டணார் என்று காதில் விழும். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 60 மீட்டர் தள்ளி இருக்கும் ஃபோனுக்கு பேட்டின் சத்தம் வந்து சேர வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வீடியோ கணக்கில் ஐந்து படம். அதற்குள் பந்து நாலு மீட்டர் போய்விடும். பேட்டில் உரசிய சத்தம் பந்து கீப்பரிடம் போய்ச் சேரும் நேரத்துக்குத்தான் கேட்கும். எடிட்டிங்கில் சத்தத்தின் பட்டையைத் தனியாகப் பிரித்து ஐந்து படம் முன்னால் இழுத்தால் சரியாகிவிடும். சரியான அளவை எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்டத்துக்கு முன் ஒருவரைப் பிச்சில் நிறுத்தி, பேட்டால் தரையில் நாலு தட்டுத் தட்டச் சொல்லி அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டும் படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எத்தனை படம் என்று எண்ணினால் தீர்ந்தது. ஃபோனின் இடத்தை மாற்றினால் மறுபடியும் தட்ட வேண்டும்.

ஸ்கோர் பலகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஹைலைட்ஸில் பலகை அழகாக இருந்தது, கணக்கு தப்பாக இருந்தது. நார்த் சைடுக்கு இலக்கு 137. 17.4 ஓவரில் 115-க்கு 7. தேவை 22 ரன். பலகையில் "தேவைப்படும் ரன் ரேட் 8.46" என்று ஓடியது. எனக்கு அப்போதே உறுத்தியது. 17.4 என்பது பதினேழு புள்ளி நாலு அல்ல. பதினேழு ஓவரும் நாலு பந்தும். பையன் 20-லிருந்து 17.4-ஐக் கழித்து 2.6 என்று வைத்து, 22-ஐ அதால் வகுத்திருக்கிறான். மீதி இருந்தது 14 பந்து. 22-ஐ 14-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 9.43. ஓவருக்கு ஒரு ரன் வித்தியாசம் என்பது டென்னிஸ் பந்து கிரிக்கெட்டின் கடைசி ஓவர்களில் சின்ன விஷயம் அல்ல. எப்போதும் பந்துகளில் கணக்குப் போடுங்கள், காட்டும்போது மட்டும் ஓவராக மாற்றுங்கள்.

இதை விடக் கெட்டது, பந்து போடப்படும் முன்பே பலகையில் ஸ்கோர் ஏறியிருந்தது. பௌலர் ஓடி வருகிறார், பலகையோ 129-க்கு 8 என்கிறது. அடுத்து விக்கெட் விழப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டது, பிறகு எதற்குப் பார்ப்பது? ஒவ்வொரு துண்டும் அந்தப் பந்துக்கு முந்தைய ஸ்கோரோடு தொடங்கி, பந்து முடிந்த பிறகே மாற வேண்டும். ரன் அவுட் பந்தில் பலகை 128-க்கு 7 என்று தொடங்கி, ஒரு ரன் முடிந்து இரண்டாவதில் அவுட் ஆனபின் 129-க்கு 8 என்று மாறியிருக்க வேண்டும். இதற்கு ஸ்கோர் புத்தகம் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் ஸ்கோர் புத்தகத்தை எழுதியது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். ஹைலைட்ஸ் செய்தவர்கள் அந்தப் புத்தகத்தைக் கேட்கவே இல்லையாம். ஞாபகத்திலிருந்து ஸ்கோர் போட்டிருக்கிறார்கள். வைடும் நோபாலும் கணக்கில் சேராதவை, ஆகவே 18.3 என்ற எண்ணில் இரண்டு பந்துகள்கூட இருக்கலாம். துண்டுகளுக்குப் பெயர் வைக்கும்போதே ஓவர், பந்து எண்ணோடு அ, ஆ என்று சேர்த்து வைத்தால் குழப்பம் வராது.

பலகையில் ஆட்டக்காரர் பெயர் தமிழில் வர வேண்டும் என்று நானும் சண்டை போட்டவன். வந்தது. கோபி என்ற பெயரில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நின்றன. சில எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் தமிழ் உயிர்மெய்யைச் சேர்க்கத் தெரியாமல் தாங்கள் வாங்கிய வரிசையிலேயே போட்டுவிடுகின்றன. வேறு இடத்தில் பெயரை எழுதிப் படமாக மாற்றி ஒட்டிவிட்டால் போதும். நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். தன் பெயரையாவது சரியான எழுத்தில் பார்க்கட்டும்.

அடுத்தது, யாரைக் காட்டுவது என்ற கேள்வி. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டு அணிக்குமாக 240 பந்து. ஆறு நிமிஷ ஹைலைட்ஸ் என்றால், டைட்டிலுக்கும் ரீப்ளேக்கும் போக, ஒரு பந்துக்கு ஒன்பது வினாடி வீதம் முப்பது பந்துக்குத்தான் இடம். நம்மவர்கள் முப்பதையும் சிக்ஸருக்கும் ஃபோருக்கும் விக்கெட்டுக்குமே கொடுத்தார்கள். சவுத் சைட் ஜெயித்தது எதனால்? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு இடக்கைப் பையன் நாலு ஓவரில் 14 ரன் மட்டும் கொடுத்தான். ஒரு விக்கெட். ஹைலைட்ஸில் அவன் ஆறு வினாடி வருகிறான். அவனுடைய அம்மா மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "வேற எங்கயாவது வரானா?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். ரன் இல்லாத பந்துகளை இரண்டிரண்டு வினாடியாக அடுத்தடுத்து ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பலகையில் தேவைப்படும் ரன் ரேட் ஏறுவதைக் காட்டினால் பதினைந்து வினாடியில் அவனுடைய ஒரு ஓவர் முழுவதும் வந்துவிடும். ஆட்டம் எங்கே திரும்பியது என்பதும் அதில்தான் தெரியும். ஸ்கோர் புத்தகத்தை விரித்து வைத்து முதலில் பந்துகளைப் பொறுக்கிவிட்டு, அதற்கப்புறம் வீடியோவைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வீடியோவை முதலில் திறந்தால் சிக்ஸர்தான் கண்ணில் படும்.

வர்ணனையைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் தலைமுறை ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தது. அவருக்குப் படம் கிடையாது, எல்லாவற்றையும் வாயால் கட்ட வேண்டியிருந்தது. ஹைலைட்ஸில் படம் இருக்கிறது. "தூக்கி அடிக்கிறார், பந்து பறக்கிறது" என்பதை நாங்களே பார்க்கிறோம். படத்தில் தெரியாததைச் சொன்னால் போதும்: காற்று எந்தப் பக்கம், இந்தப் பையன் முதல் தடவையாக சீனியர்களோடு ஆடுகிறான், இன்னும் எத்தனை பந்து. ஆறு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் பேசினால் அதிகம். முழுவதையும் வெட்டி ஒட்டியபின், பார்த்துக்கொண்டே, போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு (சிரிக்காதீர்கள், எதிரொலி போக அதுதான் வழி) ஃபோனில் பதிய வேண்டும். பேச்சு வரும் இடத்தில் கூட்டத்தின் சத்தத்தைத் தாழ்த்தி, பேட் சத்தம் வரும் இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும். கண்ணாடி, வயசு, முழங்கால் இவையெல்லாம் வர்ணனைக்குள் வராது.

இதையெல்லாம் சொன்னபோது எதிர் வீட்டுப் பையன் ஒன்று கேட்டான். "மாமா, ரன் அவுட்டை ஸ்லோமோல காட்டலேன்னா யார் பார்ப்பா? நாலு பேர் சண்டை போட்டாத்தானே ஜாலி?" நியாயமான கேள்விதான். சச்சரவு கிரிக்கெட்டில் பாதி ருசி. ஆனால் டி.வி. அம்பயருக்குச் சம்பளம் இருக்கிறது, திட்டுகிறவன் முகம் அவருக்குத் தெரியாது. கார்டு சார் மறுநாள் காலை அதே பால்காரரிடம், அதே கோயிலில், அதே ஆட்களைப் பார்க்க வேண்டும். ஆகவே என் கட்சி இது: சிக்ஸருக்கும் கேட்சுக்கும் எத்தனை மெதுவாக வேண்டுமானாலும் காட்டுங்கள், Optical Flow கூடப் போடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. அம்பயர் விரல் தூக்கிய அல்லது தூக்காத பந்துகளைச் சாதாரண வேகத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு மேலே போங்கள். கோட்டுக்கு நேராக, 240-ல் எடுத்த படம் இருந்தால் மெதுவாகக் காட்டலாம், சிவப்பு வட்டம் இல்லாமல்.

பையன் ஒத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய ஹைலைட்ஸில் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, இடக்கைப் பையனின் ஓவரைச் சேர்த்துப் புதிதாக அனுப்பினான். முதலில் அனுப்பியது போன அளவுக்கு அது போகவில்லை. நான் அந்த இரண்டு பேரையும் ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒருவர், "எந்த ரன் அவுட்?" என்று கேட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பையனும் நானும் கார்டு சார் வீட்டுக்குப் போனோம். அந்த இரண்டு அசல் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். வளைந்த ஸ்டம்பையும் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சார், அன்னிக்கு எனக்கு ரெண்டாவது யோசனையே வரலை. பெயில்ஸ்தான் முதல்ல" என்றார். காபி வந்தது. ஜனவரியைப் பற்றி நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவரே பையனைப் பார்த்து, "கோட்டுக்கு நேரா வைக்கணும்னா எனக்குப் பின்னால, பவுண்டரிக்கு வெளியதானே வைப்பே? என் தலை மறைக்காதா?" என்று கேட்டார். எதிர்ப்பக்கம், பாயிண்ட் திசையில் வைக்கலாம் என்றான் பையன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தேவை இரண்டு டிரைபாட். ஒன்று என்னிடம் இருக்கிறது.